ஜூலை 12-லிருந்து பின்னோக்கி: குரூப் 4-க்கு நான் போட்ட நான்கு வாரத் திருப்புதல் அட்டவணை

2025-ஆம் ஆண்டு டிஎன்பிஎஸ்சி குரூப் 4 தேர்வு ஜூலை 12, சனிக்கிழமை நடந்தது. அதிலிருந்து நான்கு வாரம் பின்னால் போனால் ஜூன் 14, அதுவும் சனிக்கிழமை. இடையில் இருக்கும் அந்த 28 நாட்களை நான் எப்படிப் பங்கு போட்டேன், ஏன் அப்படிப் போட்டேன் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். அப்போது ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்கு எழுதும் வேலையில் இருந்தேன். ஆறாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரையிலான பள்ளிப் புத்தகங்களை ஒருமுறை முழுதாகப் படித்து முடித்திருந்தேன். ஒருமுறைகூடப் படிக்காதவர்களுக்கு இந்த அட்டவணை பொருந்தாது. இது திருப்புதலுக்கு மட்டும்தான்.

எங்கள் கிளை நூலகத்தில் சேர்ந்து படித்தவர்களில் பெரும்பாலானோர் அட்டவணையை முதல் நாளிலிருந்து எழுதுவார்கள். முதல் நாள் ஆறாம் வகுப்புத் தமிழ், இரண்டாம் நாள் ஏழாம் வகுப்புத் தமிழ் என்று வரிசையாகப் போகும். இதில் இரண்டு சிக்கல் உண்டு. நடுவில் இரண்டு நாள் நழுவினால் அத்தனையும் கடைசி வாரத்தில் போய்க் குவியும். அதைவிடப் பெரிய சிக்கல், வரிசையில் கடைசியாக வரும் பொருளாதாரத்துக்கு நேரமே மிஞ்சாது. ஆனால் வினாத்தாளில் பொருளாதாரத்துக்கு இருப்பது 20 வினா. ஆறாம் வகுப்புத் தமிழை மூன்று முறை திருப்பியவர்கள் பொருளாதாரத்தை ஒருமுறைகூடத் திருப்பாமல் தேர்வறைக்குப் போவதை நேரில் பார்த்திருக்கிறேன். தேதியிலிருந்து பின்னோக்கிப் போட்டால் கடைசி வாரம்தான் முதலில் நிரம்பும். நாள் நழுவினாலும் அந்த வாரம் கெடாது.

முதலில் பாடத்திட்டத்தில் இருக்கும் எண்களைப் பார்ப்போம். இந்தத் தேர்வுக்கான புதிய பாடத்திட்டத்தில் எந்த அலகிலிருந்து எத்தனை வினா வரும் என்று ஆணையமே சொல்லியிருந்தது. மொத்தம் 200 வினா, மூன்று மணி நேரம், ஒரு வினாவுக்கு ஒன்றரை மதிப்பெண். தமிழில் 100: இலக்கணம் 25, சொல்லகராதி 15, எழுதும் திறன் 15, கலைச்சொற்கள் 10, வாசித்துப் புரிந்துகொள்ளுதல் 15, எளிய மொழிபெயர்ப்பு 5, இலக்கியமும் தமிழ் அறிஞர்களும் 15. பொது அறிவில் 75: அறிவியல் 5, புவியியல் 5, இந்திய வரலாறும் தேசிய இயக்கமும் 10, அரசியலமைப்பு 15, பொருளாதாரமும் தமிழ்நாட்டின் வளர்ச்சி நிர்வாகமும் 20, தமிழ்நாட்டு வரலாறும் சமூக அரசியல் இயக்கங்களும் 20. மீதி 25-இல் கணக்கு 15, காரணவியல் 10. நீங்கள் எழுதப்போகும் தேர்வுக்கு இந்த எண்களை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். அந்த அறிவிக்கையோடு வரும் பாடத்திட்டத்தைத் திறந்து எண்களைப் பார்த்து எழுதிக்கொள்ளுங்கள்.

அடுத்தது கையில் இருக்கும் நேரம். எனக்கு வேலை நாளில் காலை ஒரு மணி நேரம், இரவு இரண்டு மணி நேரம் கிடைக்கும். சனி, ஞாயிறில் தலா ஏழு மணி நேரம். நான்கு வாரத்துக்குக் கூட்டினால் 116 மணி நேரம் வரும். இதை அப்படியே பாடங்களுக்குப் பிரித்துக் கொடுத்துவிடக் கூடாது. முதலில் கழிக்க வேண்டியவற்றைக் கழிக்க வேண்டும், அதையும் தேர்வு நாளிலிருந்து பின்னோக்கியே செய்யலாம்.

தேர்வுக்கு முந்தின நாளான ஜூலை 11-க்கு எந்தப் பாடமும் கிடையாது. ஹால் டிக்கெட், அடையாள அட்டை, கறுப்பு மைப் பேனா, தேர்வு மையத்துக்குப் போகும் வழி, நேரம் இருந்தால் குறிப்புகள் எழுதிவைத்த சின்ன நோட்டை ஒரு புரட்டு, அவ்வளவுதான். இதில் மூன்று மணி நேரம் போயிற்று. அப்புறம் மாதிரித் தேர்வுகள். ஜூலை 6 ஞாயிறு ஒன்று, ஜூன் 29 ஞாயிறு ஒன்று, முதல் நாளான ஜூன் 14-இல் ஒன்று. எழுத மூன்று மணி நேரம், திருத்திப் பார்க்க நான்கு மணி நேரம் என்று ஒவ்வொன்றும் ஒரு முழு நாளை எடுத்துக்கொள்ளும். இதில் 21 மணி நேரம். பிறகு முதல் மூன்று வாரத்தின் வெள்ளிக்கிழமைகளைக் காலியாக விட்டேன். மாத முடிவில் கணக்கு வேலை இழுத்துவிடும், வீட்டில் யாருக்காவது காய்ச்சல் வரும், ஊரில் ஒரு விசேஷம் இருக்கும். விட்டுப்போன பாடத்துக்கு மட்டும்தான் அந்த வெள்ளிக்கிழமைகள். அது ஒன்பது மணி நேரம். இந்த 33-ஐக் கழித்தால் மிஞ்சியது 83.

இப்போது 83 மணி நேரத்தை 200 வினாவுக்குப் பங்கிட்டால் வினாவுக்கு 25 நிமிடம் வருகிறது. பலரும் இங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் வாசித்துப் புரிந்துகொள்ளும் பகுதிக்கு ஆறு மணி நேரத்துக்கு மேல் போகும். பத்தியைக் கொடுத்து அதிலேயே விடையைத் தேடச் சொல்லும் பகுதி அது. 15-க்கு 14 எடுப்பவருக்கு அங்கே ஆறு மணி நேரம் எதற்கு? ஓர் அலகில் அதிகபட்சம் எவ்வளவு கிடைக்கும் என்பதைத்தான் பாடத்திட்டம் சொல்கிறது. அதில் எவ்வளவை நாம் கோட்டைவிடுகிறோம் என்பதை மாதிரித் தேர்வுதான் காட்டும்.

அதற்காகத்தான் ஜூன் 14-லேயே முழுத் தேர்வு. காலை 9:30 முதல் 12:30 வரை, ஓஎம்ஆர் தாளோடு. எழுதும்போது ஒரே ஒரு வேலை கூடுதலாகச் செய்ய வேண்டும். உறுதியாகத் தெரியாமல் குத்துமதிப்பாகப் போட்ட ஒவ்வொரு வினாவுக்கும் பக்கத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைக்க வேண்டும். திருத்தும்போது புள்ளி வைத்த வினா சரியாகவே இருந்தாலும் அதைத் தவறு என்று கணக்கில் எழுத வேண்டும். தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பு இல்லாத தேர்வு இது. நான்கில் ஒன்றைக் குத்துமதிப்பாகப் போட்டே சில மதிப்பெண்கள் வந்துவிடும். அன்றைய மதிப்பெண்ணுக்கு அது நல்லதுதான், அட்டவணை போடுவதற்கு உதவாது.

புள்ளிகளைக் கழித்தபின் எனக்கு வந்தது 200-க்கு 129. போனது 71. அந்த 71 எங்கே போனது என்பதுதான் முக்கியம். பொருளாதாரத்தில் 11, இலக்கணத்தில் 8, தமிழ்நாட்டு வரலாற்றில் 8, இலக்கியத்தில் 7, கணக்கில் 6, அரசியலமைப்பில் 5. சொல்லகராதி, கலைச்சொற்கள், காரணவியல், இந்திய வரலாறு ஒவ்வொன்றிலும் 4. அறிவியலிலும் எழுதும் திறனிலும் மும்மூன்று, புவியியலில் 2. வாசித்தலிலும் மொழிபெயர்ப்பிலும் ஒவ்வொன்று.

இந்த இழப்பை மட்டும் வைத்து நேரத்தைப் பிரித்தாலும் சரியாக வராது. அறிவியலை எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்தே வினா, அதில் எனக்குப் போனது மூன்று. அந்த மூன்றும் இயற்பியல், வேதியியல், தாவரவியல், விலங்கியல் என்று ஐந்து வகுப்புப் புத்தகங்களில் எங்கிருந்து வேண்டுமானாலும் வரும். மூன்று மணி நேரம் செலவழித்தால் மூன்றும் திரும்பக் கிடைக்கும் என்று சொல்ல முடியாது. கலைச்சொற்கள் அப்படியல்ல. படிக்க வேண்டிய பட்டியல் ஓரளவு எல்லைக்குள் இருக்கிறது, போன நான்கும் நினைவில் நிற்காததால் போனவை. ஆகவே ஒவ்வொரு அலகையும் பார்த்து, இந்த நான்கு வாரத்தில் இழந்ததை மீட்க முடியுமா என்று கேட்டுக்கொண்டேன். மீட்க முடியும் என்றால் இழப்பை முழுதாக எடுத்துக்கொண்டேன். பாடம் பரந்து கிடந்தால் பாதியாக்கினேன். அறிவியல், புவியியல், இந்திய வரலாறு, இலக்கியம், காரணவியல், எழுதும் திறன் ஆகியவை பாதியாயின. வாசித்தலுக்கும் மொழிபெயர்ப்புக்கும் இங்கே நேரமே ஒதுக்கவில்லை. எல்லாம் சேர்ந்து 57½ வந்தது.

அப்படியானால் பாடத்திட்டத்தின் வினா எண்ணிக்கைக்கு என்ன வேலை? அதற்குத்தான் 83 மணி நேரத்தை இரண்டாகப் பிரித்தேன். 60 மணி நேரம் இழந்ததை மீட்க, 23 மணி நேரம் இருப்பதைக் காக்க. இன்று சரியாகப் போட்ட வினாவை நான்கு வாரம் தொடாமல் விட்டால் தேர்வு நாளில் அது தவறாகிவிடலாம். காக்கும் நேரத்தை மட்டும் வினா எண்ணிக்கையின்படி பிரித்தேன், ஒரு வினாவுக்கு ஏழு நிமிடம். 25 வினா உள்ள இலக்கணத்துக்கு ஏறக்குறைய மூன்று மணி நேரம், 5 வினா உள்ள புவியியலுக்கு அரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். நான் நன்றாகவே செய்திருந்த வாசித்தலுக்கும் இதில் ஒன்றே முக்கால் மணி நேரம் கிடைத்தது. வாரத்துக்கு இரண்டு பத்தி போட்டுப் பார்க்க அது போதும்.

60 மணி நேரத்தை 57½-ஆல் வகுத்தால் மீட்க வேண்டிய ஒரு வினாவுக்கு ஒரு மணி நேரம் என்று எடுத்துக்கொள்ளலாம், இரண்டரை மணி நேரம் கையில் மிஞ்சும். பொருளாதாரத்துக்கு 11 மணி நேரம், இலக்கணத்துக்கு 8, தமிழ்நாட்டு வரலாற்றுக்கு 8, கணக்குக்கு 6, அரசியலமைப்புக்கு 5, கலைச்சொற்களுக்கு 4, சொல்லகராதிக்கு 4. இலக்கியத்துக்கு மூன்றரை, இந்திய வரலாற்றுக்கும் காரணவியலுக்கும் இரண்டிரண்டு, மற்றவை அதற்கும் கீழே. உங்கள் கணக்கில் ஒரு வினாவுக்கு அரை மணி நேரம்தான் வருகிறது என்றால், மீட்க வேண்டியதை நான்கு வாரத்துக்கு மிஞ்சி வைத்திருக்கிறீர்கள் என்று பொருள். நேரத்தை இழுத்துப் பிடிப்பதைவிடப் பட்டியலின் அடியிலிருந்து இரண்டு மூன்று அலகை எடுத்துவிடுவதே சரி.

இனி எந்தப் பாடத்தை எந்த நாளில் வைப்பது என்பது. இங்கேதான் பின்னோக்கிப் போடுவதன் முழுப் பயனும் தெரியும். நான் கேட்டுக்கொண்டது ஒரே கேள்வி: தேர்வு நாளுக்கு எத்தனை நாள் முன்பு வரை இந்தப் பாடத்தைக் கடைசியாகப் பார்த்தால் போதும்? வேகமாக மறப்பது தேர்வுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும், நிற்பது தள்ளி இருக்கலாம். கலைச்சொல்லும் ஓரெழுத்து ஒருமொழியும் மூன்று நாளில் கலங்கிவிடும். திட்டங்களின் ஆண்டுகளும் அப்படித்தான். காலை உணவுத் திட்டம் தொடங்கியது 2022 செப்டம்பர் 15, மகளிர் உரிமைத் தொகை தொடங்கியது 2023 செப்டம்பர் 15. இரண்டும் அண்ணா பிறந்தநாள் என்பதால் தேதி மனதில் நிற்கும், ஆண்டு மாறிப்போகும். சந்திப்பிழையையும் வேர்ச்சொல்லையும் புரிந்து பழகிவிட்டால் ஒரு வாரம் தொடாவிட்டாலும் போகாது.

ஆகவே தேர்வுக்கு முந்தின வாரத்தின் நான்கு இரவுகளை முதலில் எழுதினேன். ஜூலை 10 வியாழன், கலைச்சொற்கள் ஒரு மணி நேரம், சொல்லகராதி ஒரு மணி நேரம். ஜூலை 9 புதன், பொருளாதாரம். ஜூலை 8 செவ்வாய், தமிழ்நாட்டு வரலாறு. ஜூலை 7 திங்கள், இலக்கணம். முந்தின நாள் எழுதிய மாதிரித் தேர்வில் போன இலக்கண வினாக்களைச் சுடச்சுடப் பார்க்க அந்தத் திங்கள் வசதியாகவும் இருந்தது.

இதை எழுதி முடித்ததும் மற்ற வாரங்கள் தாமாகவே வந்துவிட்டன. அதே கிழமைகளை ஒவ்வொரு வாரமாகப் பின்னால் நகர்த்தினால் போதும். வியாழன்தோறும் கலைச்சொற்களும் சொல்லகராதியும், அதாவது ஜூலை 3, ஜூன் 26, ஜூன் 19. நான்கு வியாழனில் இரண்டுக்கும் தலா நான்கு மணி நேரம் சரியாகப் போயிற்று. திங்களுக்கும் செவ்வாய்க்கும் எட்டெட்டு மணி நேரம். ஒரு பாடத்தை ஏழு நாளுக்கு ஒருமுறை நான்கு தடவை பார்ப்பது இதில் தானாகவே அமைகிறது. ஒரே நாளில் எட்டு மணி நேரம் இலக்கணம் படிப்பதற்கும் இதற்கும் எவ்வளவு வித்தியாசம் என்பது மூன்றாவது திங்களன்று தெரியும். முதல் திங்கள் ஒரு மணி நேரம் பிடித்த பகுதி அன்று பத்து நிமிடத்தில் முடிந்துவிடும்.

பொருளாதாரம் மட்டும் கொஞ்சம் வேறு மாதிரி. அதில் முதலில் புரிய வேண்டியவை இருக்கின்றன: நேர்முக வரி, மறைமுக வரி, ரிசர்வ் வங்கியின் பணிகள், திட்டக்குழு போய் 2015-இல் நிதி ஆயோக் வந்தது, 2017 ஜூலை முதல் ஜிஎஸ்டி. புரியாமல் பட்டியல் போட்டு மனப்பாடம் செய்தால் கூற்று, காரணம் வகை வினாக்களில் மாட்டிக்கொள்வோம். அதனால் முதல் ஞாயிறான ஜூன் 15-இல் ஒரே மூச்சாக நான்கு மணி நேரம் உட்கார்ந்து புரிய வேண்டியதை முடித்தேன். ஜூன் 18 புதன் இரண்டு மணி நேரம் திட்டங்களும் நலத்துறை விவரங்களும். ஜூன் 25 புதன் ஒரு மணி நேரம் மட்டும், மிச்சம் ஒரு மணி நேரம் அரசியலமைப்புக்கு. ஜூலை 2-உம் 9-உம் இரண்டிரண்டு மணி நேரம், வெறும் வினா போடுவதும் சின்ன நோட்டைப் பார்ப்பதும். இதோடு பதினொன்று முடிந்தது.

கணக்கையும் காரணவியலையும் இந்த இரவுகளில் வைக்கவே இல்லை. வேலை முடிந்து வந்த களைப்பில் கூட்டுவட்டி போட்டால் தெரிந்த கணக்கும் தப்பாகும். அதுவுமில்லாமல் கணக்கு கையில் பழக வேண்டியது. ஒரே நாளில் ஆறு மணி நேரம் போடுவதால் வேகம் வராது. திங்கள் முதல் வியாழன் வரை காலையில் முதல் அரை மணி நேரம் கணக்கு அல்லது காரணவியல் என்று வைத்தேன், நான்கு வாரத்துக்கு எட்டு மணி நேரம் ஆகிவிடும். மீதி அரை மணி நேரம் காக்கும் பாடங்களுக்கு. தேர்வு நடப்பதும் காலையில்தானே. 180 நிமிடத்தில் 200 வினா என்றால் வட்டத்தைக் கருப்பாக்கும் நேரத்தையும் சேர்த்து ஒரு வினாவுக்கு ஒரு நிமிடம்கூட இல்லை. விகிதம், சதவீதம், தனிவட்டி, காலமும் வேலையும் போன்ற வினாக்களை அந்த வேகத்துக்குள் கொண்டுவர தினமும் தொட்டால்தான் முடியும்.

மாதிரித் தேர்வு இல்லாத ஐந்து சனி, ஞாயிறில் மூன்று மணி நேரம் காப்பதற்கு, நான்கு மணி நேரம் மீட்பதற்கு. அரசியலமைப்பு, இலக்கியம், இந்திய வரலாறு எல்லாம் அங்கே போய்ச் சேர்ந்தன. அரசியலமைப்பின் உறுப்பு எண்களைக் கடைசியாகப் பார்க்கும் நாளாக ஜூலை 5-ஐ வைத்தேன். தீண்டாமை ஒழிப்புக்கு 17, தொடக்கக் கல்வி உரிமைக்கு 21A, நிதிக்குழுவுக்கு 280, தேர்தல் ஆணையத்துக்கு 324 என்று ஒரு பக்கத்துக்குள் அடங்கும் பட்டியல் அது. அதனால் கடைசி நாள் புரட்டும் சின்ன நோட்டிலும் அதற்கு இடம் உண்டு.

ஜூன் 29 மாதிரித் தேர்வுதான் அட்டவணை வேலை செய்கிறதா என்று காட்டும் இடம். மொத்த மதிப்பெண் கூடியதா என்று பார்ப்பதில் பெரிய பயன் இல்லை. வினாத்தாள் எளிதாக இருந்தாலும் கூடும். ஒவ்வொரு அலகுக்கும் இதுவரை கொடுத்த மணி நேரத்தையும், இழப்பு எத்தனை குறைந்தது என்பதையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்க்க வேண்டும். எனக்குப் பொருளாதாரம் 9-லிருந்து 15 ஆகியிருந்தது. இலக்கணம் 17-லிருந்து 21. ஆனால் தமிழ்நாட்டு வரலாறு 12-லிருந்து 13-தான். நான்கு மணி நேரம் கொடுத்தும் அசையவில்லை.

இப்படி அசையாத அலகுக்கு இன்னும் நேரத்தைக் கூட்டுவது முதலில் தோன்றும் தீர்வு. அதற்கு முன்னால் தவறுகளை வகை பிரிக்க வேண்டும். எனக்குப் போன ஏழில் பெரும்பாலானவை காலவரிசை வினாக்களும் பொருத்துக வகையும். செய்தி தெரிந்திருந்தது, ஒன்றுக்கு முன் எது என்பதுதான் தெரியவில்லை. புத்தகத்தை இன்னொரு முறை வாசித்தால் இது சரியாகாது. ஜூலை 1, ஜூலை 8 செவ்வாய்க்கிழமைகளில் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு வெள்ளைத் தாளில் ஆண்டு வரிசையை நினைவிலிருந்து எழுதினேன். 1916 தென்னிந்திய நல உரிமைச் சங்கம், 1920 தேர்தலில் நீதிக்கட்சி வெற்றி, 1921 வகுப்புவாரி அரசாணை, 1925 சுயமரியாதை இயக்கம், 1937 ராஜாஜி அமைச்சரவை, 1944 திராவிடர் கழகம், 1949 திமுக. எழுதியபின் புத்தகத்தைத் திறந்து சரிபார்த்து, தப்பை மட்டும் சிவப்பில் திருத்தினேன். நேரம் ஒரு நிமிடம்கூடக் கூடவில்லை, செய்யும் வேலைதான் மாறியது. ஜூலை 6 மாதிரித் தேர்வில் அந்த அலகு 16-க்கு வந்தது.

இன்னொரு விதியையும் ஜூன் 29-இல் வைத்துக்கொண்டேன். எந்த அலகில் இழப்பு இரண்டுக்குள் வந்துவிட்டதோ, அதற்கு மீட்கும் நேரம் அன்றோடு முடிந்தது. காக்கும் நேரமும் கடைசி வாரத்தில் எழுதிவைத்ததும் மட்டும் தொடரும். கலைச்சொற்கள் 8 ஆனதும் அதன் மீதி இரண்டு மணி நேரத்தில் ஒன்றை எடுத்து இலக்கியத்துக்குக் கொடுத்தேன். ஜூலை 10-இல் இருந்த ஒரு மணி நேரத்தைத் தொடவில்லை, ஜூலை 3-இல் இருந்ததைத்தான் எடுத்தேன். எடுக்க வேண்டும் என்றால் தேர்விலிருந்து தள்ளியிருப்பதைத்தான் எடுக்க வேண்டும்.

நழுவும் நாட்களுக்கும் இதே நெறிதான். ஒரு இரவு போய்விட்டால் அந்த வார வெள்ளி அதை வாங்கிக்கொள்ளும். இரண்டு இரவு போனால் வெள்ளிக்கு அது தாங்காது. அப்போது விட்டதை அடுத்த வாரத்தில் நெருக்கி அடைக்கக் கூடாது. பாதியாக்கிய அலகுகளில் ஒன்றை, முதலில் அறிவியலை, அட்டவணையிலிருந்து எடுத்துவிட்டு அந்த நேரத்தில் விட்டதைச் செய்யலாம். மூன்றாவது நாளாக ஒரே கட்டத்தை அடித்து அடித்து அடுத்த நாளுக்குத் தள்ளிக்கொண்டிருந்தால், எதையாவது எடுத்தே ஆக வேண்டிய நிலை வந்துவிட்டது என்று புரிந்துகொள்ளலாம்.

இந்தக் கணக்கு அப்படியே செல்லாத ஓர் இடமும் உண்டு. நூலகத்தில் என்னோடு படித்த ஒரு தங்கச்சி சிறு வயது முதல் ஆங்கில வழியில் படித்தவள். என் அட்டவணையைப் பார்த்துவிட்டு, "அக்கா, எனக்கும் பொருளாதாரத்துலதான் அதிகமா போகுது, நானும் அதையே அதிகமா வெச்சுக்கட்டுமா?" என்று கேட்டாள். அவளுடைய மாதிரித் தேர்வைப் பார்த்தேன். புள்ளி வைத்ததைக் கழித்தபின் தமிழில் 100-க்கு 44. இந்தத் தேர்வில் தமிழ்ப் பகுதியில் 40 விழுக்காடு, அதாவது 150-க்கு 60 மதிப்பெண் எடுத்தால்தான் அடுத்த பகுதியைத் திருத்தவே செய்வார்கள். 60 மதிப்பெண் என்றால் 40 வினா. அவளுக்கும் அந்தக் கோட்டுக்கும் இடையில் நான்கு வினாதான் இருந்தது. கடினமான வினாத்தாள் ஒன்று வந்தால் பொருளாதாரத்தில் 20-க்கு 20 போட்டாலும் பயனில்லாமல் போய்விடும்.

அவளுக்கு மீட்கும் 60 மணி நேரத்தில் 40-ஐத் தமிழுக்கு ஒதுக்கினோம். அதிலும் இலக்கியத்தைத் தொடவில்லை. பத்தியை வாசித்து விடை சொல்வது, எளிய மொழிபெயர்ப்பு, கலைச்சொற்கள், இலக்கணத்தில் பிரித்தெழுதுதல், ஒருமை பன்மை, ஒலி வேறுபாடு என்று சீக்கிரம் மதிப்பெண் தருபவற்றையே எடுத்தோம். ஆங்கில வழியில் படித்தவளுக்கு மொழிபெயர்ப்பும் கலைச்சொற்களும் பாதிக் கிணறு தாண்டியவைதான், ஆங்கிலச் சொல் ஏற்கனவே தெரியும். ஜூன் 29-இல் தமிழில் 55 வந்தால் பழையபடி இழப்புக் கணக்குக்குத் திரும்பலாம், வராவிட்டால் தமிழே தொடரும் என்று பேசிவைத்தோம். 57 வந்தது. மிச்ச நாட்களில் பொருளாதாரம் உள்ளே வந்தது.

அடுத்த முறை எழுதும் ஒருவர் என்னிடம், நான்கு வாரம் இல்லை, மூன்றுதான் இருக்கிறது என்ன செய்வது என்று கேட்டார். பின்னோக்கிப் போட்ட அட்டவணையில் முன்பக்கத்தை வெட்டினால் போதும், கடைசி இரண்டு வாரம் ஏறக்குறைய அப்படியே இருக்கும். கணக்கை மட்டும் மறுபடி போட வேண்டும். மூன்று வாரத்துக்கு 87 மணி நேரம். மாதிரித் தேர்வை இரண்டாக்கலாம், முதல் நாள் ஒன்று, தேர்வுக்கு இரண்டு ஞாயிறு முன்பு ஒன்று. கடைசி ஞாயிற்றில் எழுதுவதை விட்டுவிடலாம், ஏனென்றால் அதில் வரும் தவறுகளைச் சரிசெய்ய ஒரு வாரம்கூட இருக்காது. மாதிரித் தேர்வுக்கு 14, காலி வெள்ளிகளுக்கு 6, முந்தின நாளுக்கு 3 போனால் 64. காப்பதற்கு 16. மீட்பதற்கு 48. என் பட்டியலில் இலக்கியம், இந்திய வரலாறு, அறிவியல், எழுதும் திறன், புவியியல் என்று பாதியாக்கிய ஐந்தையும் எடுத்துவிட்டால் மிஞ்சுவதும் சரியாக 48-தான். காரணவியல் மட்டும் இருக்கட்டும், அது காலை அரை மணி நேரத்தில் கணக்கோடு சேர்ந்து ஓடிவிடும். எடுத்துவிட்ட ஐந்தும் காக்கும் நேரத்தில் தங்களுக்கு உரிய சில நிமிடங்களோடு நிற்கும்.